ஒரே கம்பனியிலிருந்து இரண்டாவது அழைப்பு: முதல் விண்ணப்பத்தின் முடிவு வராதபோது என்ன பதில் எழுதுவது?

அக்கரப்பத்தனையிலிருந்து கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போவது சின்ன வேலை அல்ல. டயகமவிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்து, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கி, அங்கிருந்து ஹட்டன் வழியாக இன்னொரு நீண்ட பயணம். காலை ஒன்பது மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் முதல் நாளே புறப்பட்டு யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். இப்படிப் போய் வந்தவர்கள் முடிவு தெரியும்வரை ஒவ்வொரு நாளும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில் அதே கம்பனியிலிருந்து ஓர் அழைப்பு வருகிறது. ஆனால் அது போன நேர்முகத்தின் முடிவு அல்ல. வேறொரு பதவிக்கு, வேறொரு நேர்முகத்துக்கு வரச் சொல்கிறார்கள். முதலாவது என்ன ஆனது என்று ஒரு வார்த்தையும் இல்லை. "சரி" என்று சொன்னால் முதல் பதவியை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்களா? முதலாவதைப் பற்றிக் கேட்டால் இரண்டாவதும் கைவிட்டுப் போகுமா? மலையகத்திலும் வன்னியிலும் வேலை தேடும் இளைஞர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். சிலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் "எந்த வேலையென்றாலும் பரவாயில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே நட்டத்தில் முடியக்கூடியவை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் 24 வயது யுவதி. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்து, ஹட்டனில் கணக்கியல் பயிற்சியொன்றையும் முடித்தவர். நிதிக் கம்பனி ஒன்றின் கொழும்புத் தலைமையகத்தில் கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பித்து, மார்ச் 4ஆம் திகதி நேர்முகத்துக்குப் போய் வந்தார். "இரண்டு கிழமைக்குள் அறிவிப்போம்" என்றார்கள். மார்ச் 19ஆம் திகதி அதே கம்பனியின் நுவரெலியா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசுகிறார். தலவாக்கலைக் கிளைக்கு நுண்கடன் வெளிக்கள உத்தியோகத்தர் தேவை, 23ஆம் திகதி திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வர முடியுமா என்று கேட்கிறார். மாலையில் அதே விடயம் மின்னஞ்சலிலும் வருகிறது.

அந்த அழைப்புக்குப் பின்னால் என்ன இருக்கலாம்?

கம்பனி என்பது ஒரே ஆள் அல்ல. ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் தனிக் கோப்பு இருக்கும். அந்தக் கோப்பைப் பார்ப்பது ஒருவர், யாரைத் தெரிவு செய்வது என்று முடிவெடுப்பது இன்னொருவர். தலைமையகத்துக் கணக்குப் பிரிவின் முகாமையாளருக்கு நுவரெலியா அலுவலகம் யாரை அழைக்கிறது என்று தெரியாமலே இருக்கலாம். ஆகவே இப்படியான அழைப்புக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் இருக்கும்.

முதலாவது, ஒரு பிரிவுக்கு மற்றப் பிரிவு செய்வது தெரியாமல் இருப்பது. உங்கள் சுயவிபரக் கோவை கம்பனியின் பொதுக் கோப்பில் கிடந்திருக்கும். கிளைக்கு ஆள் தேவைப்பட்டபோது, உங்கள் முகவரியைப் பார்த்து எடுத்திருப்பார்கள். இரண்டாவது, முதல் பதவிக்கு வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டு, "இந்தப் பிள்ளையும் நன்றாகச் செய்தார், வேறு இடத்துக்குப் பாருங்கள்" என்று கோப்பை மாற்றிக் கொடுத்திருப்பது. தெரிவானவர் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும்வரை மற்றவர்களுக்கு நிராகரிப்புக் கடிதம் அனுப்பாமல் வைத்திருப்பது பல இடங்களில் வழக்கம். அதனால்தான் முதலாவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதற்கு அழைக்கிறார்கள். மூன்றாவது, உண்மையிலேயே நீங்கள் இரண்டாவது வேலைக்குத்தான் பொருத்தம் என்று அவர்கள் நினைப்பது.

எது உங்களுடையது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். அழைத்தவர் உங்கள் முதல் நேர்முகத்தைப் பற்றிப் பேசினாரா? பேசியிருந்தால் கோப்பு கைமாறியிருக்கிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது காரணமாக இருக்கலாம். நீங்கள் முன்பு வந்துபோனதே தெரியாதவர்போல் பேசினால் பெரும்பாலும் முதலாவது காரணம். சொன்ன தவணை முடிந்த பிறகு இரண்டாவது அழைப்பு வந்தால் முதல் பதவி நிரம்பியிருக்கும் வாய்ப்புக் கூடுதல். நமது உதாரணத்தில் இரண்டு கிழமைத் தவணைக்குப் பிறகு, பதினைந்தாம் நாளில் அழைப்பு வந்திருக்கிறது. ஒரு நாள் தாமதத்தை வைத்துக்கொண்டு அந்த வேலை போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது. ஊகத்தை வைத்து முடிவெடுக்காமல், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொலைபேசியில் பேசும்போது

பெரும்பாலான அழைப்புகள் தொலைபேசியில்தான் வருகின்றன. பஸ்ஸில் இருக்கும்போதோ, சிக்னல் சரியாக இல்லாத லயத்து வாசலில் நிற்கும்போதோ வரும். பேசுபவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசலாம். பதற்றத்தில் முழு விடயத்தையும் அங்கேயே பேசி முடிக்க வேண்டியதில்லை. பதவியின் பெயர், வேலை செய்யும் இடம், நேர்முகம் நடக்கும் இடமும் நேரமும், பேசுபவரின் பெயர் ஆகிய நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இவ்வளவு சொன்னால் போதும்:

"நன்றி மிஸ். நான் ஏற்கெனவே உங்கட ஹெட் ஒபிஸில கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகத்துக்கு வந்திருக்கிறேன். அதின்ட முடிவு இன்னும் வரல்ல. இதுக்கும் வர விருப்பம். விபரத்த மின்னஞ்சல்ல அனுப்பினீங்கன்னா இன்டைக்கே பதில் போடுறேன்."

இதில் முதல் விண்ணப்பம் மறைக்கப்படவில்லை. அதேநேரம் அது ஒரு நிபந்தனையாகவும் வைக்கப்படவில்லை. எழுத்தில் விபரம் கேட்பதால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கம்பனிகளின் பெயரைச் சொல்லி வேலை தருவதாக ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சல் கம்பனியின் சொந்த முகவரியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் கம்பனியின் பொது இலக்கத்துக்கு அழைத்து விசாரித்த பின்னரே அடுத்த அடி வையுங்கள்.

பதில் மடல்

அழைப்பு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் பதில் எழுதுவது நல்லது. மொழி எதுவானாலும் சொல்ல வேண்டியவையும் அவற்றின் ஒழுங்கும் ஒன்றுதான். நமது யுவதியின் பதில் இப்படி இருக்கலாம்:

> ஐயா / அம்மணி,
>
> தலவாக்கலைக் கிளையின் நுண்கடன் வெளிக்கள உத்தியோகத்தர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தமைக்கு நன்றி. மார்ச் 23ஆம் திகதி காலை 10 மணிக்கு நுவரெலியா அலுவலகத்துக்குச் சமுகமளிப்பேன்.
>
> தங்கள் தலைமையகத்தின் கணக்கு உதவியாளர் பதவிக்கு நான் ஏற்கெனவே விண்ணப்பித்து, மார்ச் 4ஆம் திகதி நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றியுள்ளேன் என்பதையும் அறியத்தருகிறேன். அதன் முடிவு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அந்தப் பதவியிலும் எனக்குத் தொடர்ந்து விருப்பம் உண்டு.
>
> அந்த விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் உள்ளதா என்பதையும், இரண்டு விண்ணப்பங்களும் தனித்தனியாகக் கவனிக்கப்படுமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.
>
> வெளிக்கள உத்தியோகத்தரின் கடமைகள் பற்றிய விபரம் இருந்தால் முன்கூட்டியே அனுப்பிவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (முழுப் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம்)

முதல் பத்தி அழைப்பை ஏற்கிறது. அழைத்தவருக்கு முதலில் தெரிய வேண்டியது நீங்கள் வருகிறீர்களா இல்லையா என்பதுதான். அதைக் கடைசியில் வைத்தால் மடல் முறைப்பாடுபோலத் தெரியும். இரண்டாவது பத்தியில் பதவியின் பெயரும் திகதியும் இருக்கின்றன. அவற்றை வைத்து யாரும் கோப்பைத் தேடி எடுக்கலாம். விளம்பரத்தில் வெற்றிட இலக்கம் இருந்திருந்தால் அதையும் இங்கே சேர்க்க வேண்டும். "தொடர்ந்து விருப்பம் உண்டு" என்ற வரி முக்கியமானது. அது இல்லாவிட்டால், இரண்டாவதற்கு வரச் சம்மதித்ததையே முதலாவதைக் கைவிட்டதாக யாராவது குறித்துக்கொள்ளலாம். மூன்றாவது பத்தி கேள்வி. "ஏன் இன்னும் முடிவு சொல்லவில்லை" என்று அது கேட்கவில்லை. "ஆம்", "இல்லை" என்று ஒரே வரியில் பதில் சொல்லக்கூடியதாக இருக்கிறது.

இந்த மடலை அழைத்தவருக்கு அனுப்பும்போது, முதல் நேர்முகத்துக்கு அழைத்த தலைமையக அலுவலருக்கும் பிரதி அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். பிரதி வேண்டாம். அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுதுங்கள்: கிளையிலிருந்து வேறொரு பதவிக்கு அழைப்பு வந்திருக்கிறது, கணக்கு உதவியாளர் பதவியில் என் விருப்பம் மாறவில்லை, அதன் நிலையை அறியத் தர முடியுமா என்று. ஒரே மடலில் இருவரையும் சேர்த்தால், மற்றவர் பதில் சொல்வார் என்று இருவருமே விட்டுவிடலாம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. கேட்டதும் "அந்தப் பதவிக்கு ஆள் எடுத்தாயிற்று" என்று பதில் வரலாம். நீங்கள் கேட்டதால் அந்த வேலை பறிபோனது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது முன்னரே முடிவான விடயம். அதைத் தெரிந்துகொண்டு இரண்டாவது நேர்முகத்துக்குப் போவது, தெரியாமல் போவதைவிட நல்லது. பதிலே வராமலும் போகலாம். அப்போதும் 23ஆம் திகதி போய்விட்டு வாருங்கள்.

ஒரே பெயர், ஒரே கதை, ஒரே கணக்கு

இரண்டு விண்ணப்பங்களும் ஒரே கட்டடத்துக்குள் இருப்பதால் அவை எப்போதாவது ஒரே மேசைக்கு வரும். அப்போது அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

தோட்டப்புறத்தில் இதில் முதலில் வரும் சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பாடசாலைச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது இங்கே புதிதல்ல. போரில் ஆவணங்களை இழந்து பிரதிகள் எடுத்த வடக்கு, கிழக்குக் குடும்பங்களுக்கும் இது தெரியும். முதல் விண்ணப்பத்தில் ஒரு எழுத்துக்கூட்டலும் இரண்டாவதில் வேறொன்றும் இருந்தால் இரண்டு வெவ்வேறு ஆட்கள் என்று பதிவாகலாம். இரண்டிலும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

அடுத்தது முகவரி. தோட்டத்து முகவரிக்கு வரும் தபால் தோட்ட அலுவலகம் வழியாகச் சுற்றி, பிந்திக் கைக்கு வருவது பழைய பிரச்சினை. இரண்டு விண்ணப்பங்கள் ஓடும்போது ஒன்றின் முடிவு தபாலில் கிடந்துவிட்டால் தவறான முடிவெடுக்க நேரும். "கடிதம் அனுப்பினால் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள்" என்று இரண்டு இடத்திலும் கேட்டு வையுங்கள்.

மூன்றாவது சம்பளம். முதல் நேர்முகத்தில் எதிர்பார்க்கும் சம்பளமாக ஒரு தொகையைச் சொல்லியிருப்பீர்கள். இரண்டாவதில் காரணமில்லாமல் வேறொரு தொகையைச் சொன்னால் சந்தேகம் வரும். காரணம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொழும்பில் என்றால் வாடகை, சாப்பாட்டுச் செலவு உண்டு. தலவாக்கலை என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம், ஆனால் மோட்டார் சைக்கிள் எரிபொருளுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. இப்படிச் சொன்னால் இரண்டு தொகைகளும் ஒரே கணக்கிலிருந்து வந்தவை என்பது விளங்கும்.

"எது உங்களுக்கு விருப்பம்?"

முதல் விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் இரண்டாவது நேர்முகத்தில் இந்தக் கேள்வி அநேகமாக வரும். "இரண்டும் ஒன்றுதான்" என்ற பதில் உதவாது. ஒன்றைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் அதைச் சொல்லலாம். ஆனால் எதிரில் இருப்பவர் ஆள் தேடுவது மற்றதற்கு என்பதை மறக்கக் கூடாது.

நமது யுவதி இப்படிச் சொல்லலாம்: "கணக்குப் படித்தபடியால் முதலில் அந்தப் பதவிக்கு விண்ணப்பித்தேன். அது கிடைத்தால் அதைக் கட்டாயம் யோசிப்பேன். ஆனால் இந்தப் பதவியில் தோட்டத்து மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேச வேண்டியிருக்கிறது. அது எனக்குத் தெரிந்த இடம். இதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்."

பிறகு அவர் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. பதவியின் பெயரை மட்டும் வைத்து வேலையை அறிய முடியாது. நுண்கடன் வெளிக்கள உத்தியோகத்தர் என்றால் கடன் கொடுப்பதுடன் கிழமைதோறும் தவணை அறவிடுவதும் அவர் பொறுப்பாகலாம். தவணைப் பணத்துக்காக வீட்டு வாசலில் வந்து நின்றவர்களை வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பெண்கள் மறக்கவில்லை. நாளை தன் சொந்த லயத்திலேயே அப்படிப் போய் நிற்க முடியுமா என்பதை அவர் இப்போதே யோசிக்க வேண்டும். மாத இலக்கு எவ்வளவு, அறவிட முடியாமல் போன தவணை உத்தியோகத்தரின் கொடுப்பனவில் கழிக்கப்படுமா, மோட்டார் சைக்கிள் யாருடையது, மாலை எத்தனை மணிவரை வெளியில் நிற்க வேண்டும் என்று அவர் கேட்பதில் பிழை இல்லை.

இரண்டாவது வேலை முதலில் கிடைத்தால்

கிளைகளில் ஆள் அவசரமாகத் தேவைப்படும். அதனால் இரண்டாவது பதவியே முதலில் உறுதியாகலாம். 25ஆம் திகதி "உங்களைத் தெரிவு செய்திருக்கிறோம், ஏப்ரல் முதலாம் திகதி வேலைக்கு வாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைமையகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

இங்கே முதல் வேலை, எழுத்தில் வாங்குவது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வரும் வேலையிடங்களில், பதவி, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், விடுமுறை போன்ற விபரங்களை வேலை கொடுப்பவர் ஊழியருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நியமனக் கடிதத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 சதவீதமும் கம்பனியிடமிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனியிடமிருந்து 3 சதவீதமும் போக வேண்டும். அவை எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகின்றன என்றும் கேளுங்கள்.

அடுத்தது தவணை கேட்பது. காலவரையறை இல்லாமல் "கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று சொல்லாமல், திகதி குறித்து எழுதுங்கள்:

> என்னைத் தெரிவு செய்தமைக்கு மிக்க நன்றி. நியமனக் கடிதத்தைப் பார்த்தபின் மார்ச் 30ஆம் திகதி மாலை 4 மணிக்குள் எனது முடிவை அறியத்தர அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்னர் அறிவித்தபடி, தலைமையகத்தின் கணக்கு உதவியாளர் பதவிக்கான எனது விண்ணப்பத்தின் முடிவை இன்னும் எதிர்பார்த்திருக்கிறேன்.

அதே நாளில் தலைமையகத்துக்கும் எழுத வேண்டும். தலவாக்கலைப் பதவி கிடைத்திருக்கிறது, 30ஆம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு முன் உங்கள் முடிவை அறிய முடியுமா என்று. "சொல்லாவிட்டால் மற்றதை எடுத்துக்கொள்வேன்" என்ற தொனி வேண்டாம். திகதியைச் சொன்னாலே போதும்.

30ஆம் திகதிவரை பதில் வராவிட்டால் கையில் இருப்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கிளை வேலையை ஏற்றால், தலைமையக விண்ணப்பத்தை எழுத்தில் மீளப்பெறுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அங்கிருந்து அழைப்பு வரும்போது இரண்டு முகாமையாளர்களுக்கு நடுவில் நிற்பீர்கள். "கிளைக்குப் போனால் பிறகு கொழும்புக்கு மாற்றிவிடுவோம்" என்று வாயால் சொல்வதையும் நம்பி இருந்துவிடாதீர்கள். பல கம்பனிகளில் தகுதிகாண் காலம் முடியும்வரை உள்ளக வெற்றிடத்துக்கு விண்ணப்பிக்க விடமாட்டார்கள். அது எத்தனை மாதம், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டும் ஒப்பந்தம் உண்டா என்பதைக் கையெழுத்திடுமுன் கேளுங்கள்.

இரண்டாவது வேலை வேண்டாம் என்றால்

கடன் அறவிடும் வேலை தனக்கு ஒத்துவராது என்று அவர் ஆரம்பத்திலேயே முடிவெடுத்தால், நேர்முகத்துக்குப் போய் ஒரு நாளையும் பஸ் காசையும் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் போகாமலே இருந்துவிடவும் கூடாது. வராதவர் என்று ஒரு குறிப்பு விழுந்தால் அது முதல் விண்ணப்பத்தையும் பாதிக்கலாம். இவ்வளவு எழுதினால் போதும்:

> அழைத்தமைக்கு நன்றி. எனது படிப்பும் ஆர்வமும் கணக்கு வேலை சார்ந்ததாக இருப்பதால், வெளிக்கள உத்தியோகத்தர் பதவிக்கான நேர்முகப் பரீட்சையில் கலந்துகொள்ளாதிருக்கத் தீர்மானித்துள்ளேன். கணக்கு உதவியாளர் பதவிக்கான எனது விண்ணப்பத்தைத் தொடர்ந்து பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

வேலையைக் குறை சொல்லும் வார்த்தை இதில் ஒன்றும் இல்லை. மற்ற விண்ணப்பம் நிற்கிறது என்பதும் தெளிவாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இத்தனை மடல்களும் அழைப்புகளும் நடக்கும்போது யார், என்றைக்கு, எந்தப் பதவியைப் பற்றி, என்ன சொன்னார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து "நீங்கள்தானே முதல் வேலை வேண்டாம் என்றீர்கள்" என்று யாராவது சொன்னால், மார்ச் 19ஆம் திகதி மாலை அனுப்பிய மடலை எடுத்துக் காட்டலாம்.